நேர்மாறைக் கண்டுபிடிக்காமலே அதன் வகைக்கெழுவைக் கண்டுபிடிப்பது எப்படி?

f(x) = x⁵ + 3x + 2 என்று ஒரு சார்பைக் கொடுத்து, (f⁻¹)′(6) எவ்வளவு என்று கேட்டால், பலரும் முதலில் y = x⁵ + 3x + 2 என்று எழுதி x-ஐத் தனியாகப் பிரிக்கப் பார்ப்பார்கள். இரண்டு வரிக்கு மேல் நகராது. பொதுவான ஐந்தாம் படிச் சமன்பாட்டை நான்கு அடிப்படைச் செயல்களையும் மூலம் எடுப்பதையும் மட்டும் வைத்துத் தீர்க்கச் சூத்திரமே கிடையாது என்று நார்வேக்காரர் ஆபெல் 1824-லேயே நிரூபித்துவிட்டார். ஆனால் இங்கே நேர்மாறுக்குச் சூத்திரம் யாரும் கேட்கவில்லை, ஒரே ஒரு புள்ளியில் அதன் சாய்வைத்தான் கேட்கிறார்கள். அதற்கு நேர்மாறு தேவையில்லை.

முதலில் விதி எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடுவோம், இரண்டே வரிதான். ஒரு எண்ணை நேர்மாறில் போட்டு, வந்ததை மறுபடி f-இல் போட்டால் அதே எண் திரும்பக் கிடைக்கும்:

f( f⁻¹(x) ) = x

இரு பக்கமும் வகையிடுங்கள். இடப்பக்கம் சங்கிலி விதி, வலப்பக்கம் வெறும் 1:

f′( f⁻¹(x) ) · (f⁻¹)′(x) = 1

ஆக, f(a) = b என்றால்

(f⁻¹)′(b) = 1 / f′(a)

வரைபடமாகப் பார்த்தாலும் இதுவேதான். f-இன் மேல் (a, b) என்ற புள்ளி இருந்தால் நேர்மாறின் மேல் (b, a) இருக்கும், ஏனென்றால் y = x என்ற கோட்டில் பிரதிபலித்தால் x-உம் y-உம் இடம் மாறிவிடும். சாய்வு என்பது y-இன் மாற்றத்தை x-இன் மாற்றத்தால் வகுப்பது, அது அப்படியே தலைகீழாகிறது.

படி 1: a-ஐக் கண்டுபிடியுங்கள். 6 என்பது f-இன் விடை, அதன் உள்ளீடு அல்ல. எந்த x-ஐப் போட்டால் f(x) = 6 வரும்? x⁵ + 3x + 2 = 6. இதைத் தீர்க்க உட்காராதீர்கள், 0, 1, −1, 2 என்று போட்டுப் பாருங்கள். x = 1 என்றால் 1 + 3 + 2 = 6. எனவே a = 1. இப்படிப்பட்ட கணக்குகளில் a எளிய எண்ணாக வரும்படிதான் பெரும்பாலும் கேட்பார்கள். eˣ இருந்தால் 0, மடக்கை இருந்தால் 1, sin, cos இருந்தால் 0 அல்லது π/2 என்று முதலில் முயன்று பாருங்கள்.

படி 2: f-ஐ வகையிடுங்கள், நேர்மாறை அல்ல. f′(x) = 5x⁴ + 3. இது எப்போதும் 3-க்குக் குறையாது, அதனால் f ஏறிக்கொண்டே போகிறது, அதற்கு நேர்மாறு உண்டு, படி 1-இல் கிடைத்த a ஒன்றுதான், வேறு இருக்காது.

படி 3: a-இல் மதிப்பிட்டுத் தலைகீழாக்குங்கள். f′(1) = 8. விடை 1/8.

தவறு நடப்பது அநேகமாக படி 3-இல்தான்: கேள்வியில் 6 என்று பார்த்ததும் f′(6) = 6483 என்று போட்டு 1/6483 எழுதிவிடுவது. சந்தேகம் இருந்தால் கால்குலேட்டரில் ஒரு சின்னச் சோதனை போதும். f(1.01) சுமார் 6.081. அதாவது f-இன் மதிப்பு 0.081 கூடும்போது x 0.01 கூடுகிறது, 0.01 / 0.081 சுமார் 0.123. 1/8 என்பது 0.125. சரி, பொருந்துகிறது.

7-இல் கேட்டால்? எளிய a கிடைக்காது, ஆனால் முறை அதேதான். எண்களைப் போட்டு நெருங்கினால் a சுமார் 1.109, f′(a) சுமார் 10.6, விடை 0.095-க்குப் பக்கத்தில் வரும்.

இப்போது sin⁻¹. இதையும் தனிச் சூத்திரமாக மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. x = 3/5-இல் sin⁻¹x-இன் வகைக்கெழு வேண்டும் என்று வையுங்கள். a = sin⁻¹(3/5), அதாவது sin a = 3/5. இந்தக் கோணம் எத்தனை ரேடியன் என்று தெரியவே வேண்டாம். sin-இன் வகைக்கெழு cos, ஆகவே நமக்குத் தேவை cos a மட்டும். ஒரு செங்கோண முக்கோணம் வரையுங்கள்: எதிர்ப்பக்கம் 3, கர்ணம் 5, அப்படியானால் அடுத்துள்ள பக்கம் 4. cos a = 4/5. விடை 5/4.

முக்கோணம் குறியைச் சொல்லாது என்பதை மட்டும் கவனியுங்கள். sin⁻¹-இன் வீச்சகம் −π/2 முதல் π/2 வரை, அங்கே cos எதிர்மறையாக ஆவதில்லை; அதனால் x = −3/5 என்றாலும் விடை 5/4-தான். cos⁻¹-க்கு வீச்சகம் 0 முதல் π வரை, அங்கே sin எதிர்மறையாவதில்லை, ஆனால் cos-இன் வகைக்கெழுவே −sin என்பதால் 3/5-இல் விடை −5/4. tan⁻¹ இன்னும் சுலபம்: tan-இன் வகைக்கெழு sec², அது 1 + tan². tan a = 2 என்றால் 1 + 4 = 5, விடை 1/5. வர்க்கம் இருப்பதால் குறிப் பிரச்சினையே இல்லை.

இதையும் சோதிக்கலாம்: sin⁻¹(0.61)-இலிருந்து sin⁻¹(0.6)-ஐக் கழித்து 0.01-ஆல் வகுத்தால் சுமார் 1.256 வர வேண்டும். 72 என்று வந்தால் கால்குலேட்டர் பாகையில் இருக்கிறது, ரேடியனுக்கு மாற்றுங்கள். மேலே சொன்ன முக்கோணவியல் வகைக்கெழுக்கள் எல்லாம் ரேடியனில்தான் உண்மை.

விதி எங்கே கைவிடும்? f′(a) = 0 என்றால். f(x) = x³-க்கு 0-இல் நேர்மாறு இருக்கிறது, ஆனால் அங்கே அதன் தொடுகோடு செங்குத்து, வகைக்கெழு கிடையாது. sin⁻¹-க்கு x = 1-இலும் −1-இலும் இதே கதி. இன்னொரு இடம், f ஒன்றுக்கொன்றாக இல்லாதபோது. x³ − 3x-க்கு 0 என்ற மதிப்பு x = 0, √3, −√3 மூன்றிலும் வருகிறது. a = 0 என்றால் விடை −1/3, a = √3 என்றால் 1/6. சார்பகம் எந்தத் துண்டு என்று சொல்லாமல் இந்தக் கேள்விக்கு விடையே இல்லை, ஆகவே x > 1 என்பது போன்ற நிபந்தனை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் a-ஐத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

கடைசியாக இரண்டையும் சேர்த்து ஒன்று. முதல் f-ஐயே வைத்து, h(x) = tan⁻¹( f⁻¹(x) ) என்றால் h′(6) என்ன? வெளியே tan⁻¹, உள்ளே f⁻¹, ஆகவே சங்கிலி விதி. உள்ளே f⁻¹(6) = 1 என்று ஏற்கெனவே தெரியும், அந்த 1-இல் tan⁻¹-இன் வகைக்கெழு 1/(1 + 1) = 1/2. உள்சார்பின் வகைக்கெழு 1/8. பெருக்கினால் h′(6) = 1/16. f⁻¹-க்கு ஒரு சூத்திரம்கூட எழுதவில்லை.