ஃபோட்டோவில் வரும் கூடுதல் கணக்கு: கூட்டுத்தொடரா, பெருக்குத்தொடரா?

பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் வாட்ஸ்அப்பில் ஒரு வினாத்தாள் ஃபோட்டோவை அனுப்பியிருந்தான். தாளின் மடிப்பு சரியாக மூன்றாவது எண்ணின் மேலேயே விழுந்திருந்தது. 3, 6, அப்புறம் ஒரு மங்கலான எண், புள்ளிகள், கடைசியில் 1536. இவற்றின் கூடுதல் காண வேண்டும். அவனுக்கு வந்த விடை 3,93,984. விடைக்குறிப்பில் இருந்தது 3069. "எத்தனை தடவை போட்டாலும் இதேதான் வருது சார், எங்கே தப்பு?" என்று கேட்டிருந்தான்.

அவன் போட்டதில் ஒரு வரிகூடத் தவறில்லை. 3, 6 என்பதைப் பார்த்து d = 3 என்று எடுத்தான். உறுப்புகளின் எண்ணிக்கை n = (1536 − 3)/3 + 1 = 512. கூடுதல் (512/2)(3 + 1536) = 3,93,984. தவறு கணக்கு தொடங்கும் முன்பே நடந்துவிட்டது. மடிப்பில் மறைந்திருந்த எண் 9 அல்ல, 12. அதாவது இது பெருக்குத்தொடர்.

இரண்டு உறுப்புகளை மட்டும் வைத்து எந்தத் தொடர் என்று முடிவு செய்யவே முடியாது. 3-லிருந்து 6-க்கு 3-ஐக் கூட்டியும் போகலாம், 2-ஆல் பெருக்கியும் போகலாம். மூன்றாவது உறுப்புதான் முடிவைச் சொல்லும். 6 − 3 = 3, ஆனால் 12 − 6 = 6, எனவே பொது வித்தியாசம் இல்லை. 6/3 = 2, 12/6 = 2, எனவே பொது விகிதம் இருக்கிறது. "கடைசி உறுப்பு பொருந்துகிறதா என்று பார்த்தால் போதாதா?" என்று கேட்கலாம். பல கணக்குகளில் அது உதவும். இங்கே உதவாது. 1536 என்பது 3-இன் மடங்கு, அதனால் கூட்டுத்தொடரிலும் பொருந்துகிறது. 3 × 2⁹ என்பதும் அதுவே, அதனால் பெருக்குத்தொடரிலும் பொருந்துகிறது. மூன்றாவது எண் தெரியவில்லை என்றால் ஊகிக்காமல் இன்னொரு ஃபோட்டோ கேட்பதுதான் சரி.

பெருக்குத்தொடர் என்று தெரிந்த பிறகும் ஒரு பள்ளம் இருக்கிறது. 3 × 2ⁿ⁻¹ = 1536 என்றால் 2ⁿ⁻¹ = 512 = 2⁹. இந்த 9-ஐப் பார்த்ததும் பலர் n = 9 என்று போட்டுவிடுகிறார்கள். n − 1 தான் 9, n என்பது 10. 9-ஐப் போட்டால் 3(2⁹ − 1) = 1533 வரும். இதைப் பிடிக்க விடைக்குறிப்பு தேவையில்லை. எல்லாம் மிகை எண்களாக இருக்கும்போது மொத்தக் கூடுதல் கடைசி உறுப்பான 1536-ஐவிடக் குறைவாக எப்படி வரும்? சூத்திரத்தில் உள்ள −1-ஐ மறந்தவர்களுக்கு 3072 கிடைக்கும். அதையும் ஒரே பார்வையில் பிடிக்கலாம். முதல் உறுப்பு 3 மட்டும் ஒற்றைப்படை, மற்ற எல்லாம் இரட்டைப்படை. கூடுதல் ஒற்றைப்படையாகத்தான் வர வேண்டும்.

சரியான விடையைச் சோதிக்க, சூத்திரத்தைத் தொடாத ஒரு வழி உண்டு. கூடுதலை S என்க. எல்லா உறுப்புகளையும் இரட்டித்தால் 2S = 6 + 12 + … + 1536 + 3072. இதிலிருந்து S-ஐக் கழித்தால் நடுவில் உள்ளவை எல்லாம் போய்விடும்; மிஞ்சுவது 3072 − 3 = 3069. சூத்திரமும் 3(2¹⁰ − 1)/(2 − 1) = 3069 என்றே தருகிறது. இரண்டு வழியில் ஒரே எண் வந்தால் நிம்மதியாக அடுத்த கேள்விக்குப் போகலாம்.

கூட்டுத்தொடரிலும் n-ஐ எண்ணுவதில்தான் மதிப்பெண் போகிறது. 300-க்கும் 600-க்கும் இடையே 7-ஆல் வகுபடும் எண்களின் கூடுதலை எடுத்துக்கொள்வோம். முதல் எண் 301, கடைசி எண் 595. (595 − 301)/7 = 42 என்று நிறுத்திவிட்டால் ஒரு உறுப்பு குறையும்; அந்த +1 கட்டாயம். எனக்குப் பிடித்த சோதனை இது: 301 = 7 × 43, 595 = 7 × 85. ஆகவே 43 முதல் 85 வரை எத்தனை எண்கள் என்று எண்ணினால் போதும், 43. கடைசி உறுப்பு தெரிவதால் (n/2)(a + l) தான் சுலபமான சூத்திரம்: (43/2)(896) = 19,264.

ஃபோட்டோவுக்கே உரிய இன்னொரு தொல்லை, அடுக்குக்குறி. 1 + 2 + 2² + … + 2¹⁰ என்ற கேள்வியைப் படத்திலிருந்து எழுத்தாகப் பிரித்தெடுத்தால் பல நேரம் 1 + 2 + 22 + … + 210 என்று வந்து நிற்கும். 1, 2, 22 என்பதில் வித்தியாசமும் சமமில்லை, விகிதமும் சமமில்லை. அப்படி எதிலும் அடங்காத தொடர் வந்தால், சூத்திரம் தேடும் முன் படத்தைப் பெரிதாக்கி மேலே சின்ன எண் இருக்கிறதா என்று பாருங்கள். இதில் 1 என்பது 2⁰ என்பதால் உறுப்புகள் 11, கூடுதல் 2¹¹ − 1 = 2047.

படத்தின் ஓரம் வெட்டுப்பட்டு 9 + 3 + 1 + … என்று மட்டும் தெரிந்தால், முடிவிலி வரையா, 6 உறுப்புகள் வரையா என்பது வெட்டிய பகுதியில் இருக்கலாம். முடிவிலி வரை என்றால் 9/(1 − 1/3) = 13.5; 6 உறுப்புகள் வரை என்றால் 364/27, அதாவது 13.5-ஐவிடச் சற்றே குறைவு. a/(1 − r) என்பது −1 < r < 1 ஆக இருக்கும்போது மட்டுமே. 3 + 6 + 12 + … என்பதில் அதைப் போட்டால் −3 வரும். மிகை எண்களைக் கூட்டிக் குறை எண் வந்தால் சூத்திரம் மாறிவிட்டது என்று அர்த்தம்.

எதிலும் அடங்காத உண்மையான கேள்வியும் உண்டு: 5 + 55 + 555 + … முதல் n உறுப்புகள் வரை. 5/9-ஐ வெளியே எடுத்தால் உள்ளே (10 − 1) + (100 − 1) + (1000 − 1) + … என்று ஆகும். 10, 100, 1000 பெருக்குத்தொடர்; ஒவ்வொரு உறுப்பிலும் ஒரு −1 இருப்பதால் மொத்தம் −n. விடை (5/9)[10(10ⁿ − 1)/9 − n].

இங்கே அடிக்கடி நடப்பது, −n எழுத வேண்டிய இடத்தில் −1 எழுதுவது. n = 1 போட்டுச் சோதித்தால் (5/9)(10 − 1) = 5, சரியாகவே வரும்; தவறு மாட்டாது. n = 2 போட்டுப் பாருங்கள். 5 + 55 = 60 வர வேண்டும். −1 எழுதியவருக்கு (5/9)(109), முழு எண்ணே வராது. −n எழுதியவருக்கு (5/9)(108) = 60.