பிளானில் 'சி.எஸ்.டி.' என்று எழுதி நகர்ந்துவிடாதீர்கள்

ஐப்பசி, கார்த்திகையில் நெல்லைப் பக்கம் மருத்துவ வார்டு என்றாலே காய்ச்சல் கேஸ்தான். ராத்திரி டியூட்டிக்கு வரும் ஹவுஸ் சர்ஜன் ஒவ்வொரு கேஸ் ஷீட்டையும் முழுதாகப் படிக்க மாட்டார். நோயாளியைப் பற்றி நாம் தினமும் எழுதும் சோப் நோட்டின் கடைசி இரண்டு பகுதிகளுக்குத்தான் நேராகப் போவார்: அசெஸ்மென்ட், பிளான். நாம் அதிகம் சொதப்புவதும் அங்கேதான்.

இப்படி ஒரு கேஸ் என்று வைத்துக்கொள்வோம். அம்பாசமுத்திரத்துப் பெண், வயது 34, எடை 50 கிலோ. டெங்கு, ஐந்தாம் நாள். காலையில் காய்ச்சல் விட்டுவிட்டது. ஆனால் விடாத வயிற்றுவலி, வாந்தி. ஹீமட்டோக்ரிட் நேற்று 36, இன்று 42. பிளேட்லெட் 52,000. பி.பி. 110/80.

பெரும்பாலான நோட்டில், மேலே எழுதிய இதே விவரங்கள் அசெஸ்மென்ட்டில் மறுபடி வரும். கூடவே 'காய்ச்சல் இல்லை, தேறி வருகிறார்' என்று ஒரு வரி. முதல் தவறு வெறும் நீளம், இரண்டாவது ஆபத்து. டெங்குவில் காய்ச்சல் இறங்கும் நேரத்தில்தான் பிளாஸ்மா கசியும் அந்த 24 முதல் 48 மணி நேரம் தொடங்குகிறது. அசெஸ்மென்ட் என்பது உங்கள் தீர்ப்பு. இவ்வளவு போதும்:

"எச்சரிக்கை அறிகுறிகளுடன் டெங்கு. கசிவு தொடங்கியிருக்கிறது (ஹீமட்டோக்ரிட் 36, இப்போது 42). ஷாக் இன்னும் இல்லை."

தீர்ப்புக்குக் காரணமான எண் மட்டும் உள்ளே வரலாம். மற்றவை மேலேயே இருக்கட்டும்.

அப்புறம் பிளான். 'சி.எஸ்.டி.' என்றால் அதே சிகிச்சையைத் தொடரவும் என்று பொருள். 'சி.எஸ்.டி., வைட்டல்ஸ் பார்க்கவும்' என்று முடித்தால், அந்த 'அதே சிகிச்சை' என்பது எது? நேற்று அவர் ஓ.ஆர்.எஸ். குடித்துக்கொண்டிருந்தார், இன்று அது போதாது. இப்படி எழுதலாம்:

"நார்மல் சலைன் மணிக்கு 250 மில்லி, 2 மணி நேரம்; பிறகு ஹீமட்டோக்ரிட் எடுத்துப் பார்த்துக் குறைக்கவும். நாடி, பி.பி., சிறுநீர் மணிக்கொரு தடவை. பல்ஸ் பிரஷர் 20 அல்லது கீழே, கைகால் சில்லிப்பு, ஹீமட்டோக்ரிட் மேலும் ஏற்றம்: எது வந்தாலும் உடனே டியூட்டி பிசிஷியனைக் கூப்பிடவும். ரத்தக்கசிவு இல்லாமல் பிளேட்லெட் ஏற்ற வேண்டாம். டைக்ளோஃபெனாக் வேண்டாம்."

கடைசி வரி அதிகப்படி மாதிரித் தோன்றும். ராத்திரி இரண்டு மணிக்கு, "வயிறு வலிக்குன்னு துடிக்குதா, ஒரு ஊசியப் போடுங்கய்யா" என்று வீட்டுக்காரர் வந்து நிற்கும்போது, பழக்கத்தில் கை போவது அந்த ஊசிக்குத்தான். ரத்தக்கசிவு அபாயம் உள்ளவருக்கு அதைத் தடுப்பது இந்த ஒரு வரி.

இவருக்குத் தைராய்டு மாத்திரையும் உண்டு என்றால் அது கடைசியில், ஒரு வரியில். எல்லாப் பிரச்சினைக்கும் சம இடம் கொடுத்தால், அன்றிரவு கவனிக்க வேண்டியது நாலாவதாகப் போய் ஒளிந்துகொள்ளும். மறுநாள் நேற்றைய பிளானை அப்படியே பார்த்து எழுதவும் கூடாது: கசிவு நின்ற பிறகும் 'மணிக்கு 250' என்றே ஓடினால், நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும்.