சமூகத் தணிக்கை மினிட்ஸில் புகார் தொலைந்துபோகும் இடம்

அணைக்கட்டு பக்கம் ஓர் ஊராட்சி. நூறு நாள் வேலைக்கான சமூகத் தணிக்கை கிராம சபை. ஓர் அம்மா எழுந்து, "ஏரி வேலைக்கு ரெண்டு வாரம் போனேன் சார், ஒரு வாரக் கூலிதான் ஏறிச்சு. கார்டு இங்கதான் கீது, பாருங்க" என்றார். "பேங்க் பிராப்ளம்மா, வந்துடும்" என்றார் அலுவலர். மினிட்ஸ் எழுதிய நான் பதிந்தது இதுதான்: "கூலி வரவில்லை எனப் பயனாளி தெரிவித்தார். வங்கிக் கோளாறு, சரிசெய்யப்படும்."

அன்று மாலை இரண்டாம் வார வருகைப் பதிவேடான என்.எம்.ஆரைப் புரட்டியபோதுதான் என் தவறு புரிந்தது. ஆறு நாளும் அவருக்கு ஆப்சென்ட் போட்டிருந்தது. வேலை அட்டையிலோ அதே ஆறு நாளும் பதிவாகியிருந்தது.

கூலி ஏறாததற்குக் காரணம் பல இருக்கலாம். வருகை பதிவாகி, பணம் அனுப்பப்பட்டு, கணக்கு எண்ணோ ஆதார் இணைப்போ சரியில்லாமல் திரும்பியிருந்தால், அதைத் திருத்தி மறுபடி அனுப்பச் சொல்லலாம். வருகையே பதிவாகவில்லை என்றால் பணம் அனுப்பப்பட்டிருக்கவே முடியாது, பேங்க் எதைத் திருப்பும்? அங்கே கேட்க வேண்டியது, ஆப்சென்ட் போட்டது யார் என்று. அலுவலரின் பதிலை முடிவு போல எழுதியதால் அந்தக் கேள்வியை நானே மூடிவிட்டேன்.

அதனால் புகார், அலுவலர் சொன்னது, ஆவணம் காட்டியது, சபை முடிவு ஆகிய நான்கையும் ஒரே பத்தியில் குழைக்காதீர்கள். அந்தப் பதிவு இப்படி இருந்திருக்க வேண்டும்:

"வேலை அட்டை எண், வேலையின் பெயர், என்.எம்.ஆர். எண், தேதிகள். 12 நாள் வேலை செய்ததாகவும் 6 நாள் கூலியே வந்ததாகவும் கூறினார். வங்கிக் கோளாறு என அலுவலர் பதிலளித்தார். என்.எம்.ஆரில் 6 நாளும் ஆப்சென்ட், வேலை அட்டையில் 6 நாளும் பதிவு. உடன் வேலை செய்த இருவர் அவர் வந்ததாகச் சபையில் கூறினர். முடிவு:" என்று போட்டு, யார், எந்தத் தேதிக்குள், என்ன செய்ய வேண்டும் என எழுத வேண்டும். "ஆவன செய்யப்படும்" என்றால் ஆள் இல்லை, தேதியும் இல்லை.

அலுவலர் வாக்குக் கொடுத்ததும், "சரி, விடுங்க சார்" என்று உட்கார்ந்துவிடுபவர்களும் உண்டு. அதைப் "புகார் திரும்பப் பெறப்பட்டது" என்று எழுதுவது எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது. அவர் உட்கார்ந்தார், அவ்வளவுதான். பணம் வரும்வரை அது நிலுவைதான்.

அப்புறம் கையெழுத்து. கூட்டத் தொடக்கத்தில் வாங்குவது வந்ததற்கு அடையாளம் மட்டுமே. எழுதியதை வாய்விட்டுப் படித்த பிறகு, மிச்ச இடத்தைக் கோடு போட்டு அடித்துவிட்டு, இன்னொரு முறை வாங்குங்கள். எழுதுபவரும் வேலையை நடத்தும் தரப்பைச் சேராதவராக இருக்க வேண்டும். ஊராட்சி செயலர் கையெழுத்து அழகாக இருக்கிறதே என்று நோட்டை அவரிடம் நீட்டுவதையும் பார்த்திருக்கிறேன்.

அடுத்த தணிக்கைக் கூட்டம், முந்தைய முடிவுகள்மேல் எடுத்த நடவடிக்கையைப் படிப்பதில்தான் தொடங்கும். என் பதிவைப் படித்தார்கள். "வங்கிக் கோளாறு, சரிசெய்யப்பட்டது" என்று பதில் வந்திருந்தது. எந்த அட்டைக்கு என்று கேட்க நோட்டில் எண் இல்லை.