நாற்காலிக் கால் ஆட்டம்: பசை ஏன் பிடிக்கவில்லை

நாற்காலியின் பின்கால் ஒன்று ஆடிக்கொண்டே இருந்தது. முதலில் இணைப்பின் இடுக்கில் மரப்பசையை விட்டுக் கயிற்றால் கட்டிவைத்தேன். மூன்றாம் நாளே மறுபடி ஆட்டம். அப்புறம் ஒரு திருகாணி போட்டேன். மரத்தில் விரிசல் விட்டதுதான் மிச்சம்.

கடைசியில் காலை முழுதாகக் கழற்றினேன். உள்ளே இருந்த இரண்டு மர முளைகளும் பழைய பசையோடு கண்ணாடிபோல் மின்னின. கோளாறு அங்கேதான். மரப்பசை மரத்துக்குள் ஊறிப் பிடிப்பது, காய்ந்த பசையின் மேல் ஒட்டாது. 8 மி.மீ. முளைகளை மட்டமாக அறுத்து, அவற்றின் நடுவில் முதலில் 3 மி.மீ., பிறகு 10 மி.மீ. துளையிட்டேன். துளைச் சுவரில் புது மரம் தெரிந்தது.

புது முளை பசையில்லாமல் முழுதாக இறங்கியது. பசையோடு அடித்தபோது 4 மி.மீ. வெளியே நின்றுவிட்டது! அடியில் சிக்கிய பசைக்கு வெளியேற வழியில்லை. உடனே பிடுங்கி, முளையின் நீளவாக்கில் ரம்பத்தால் ஒரு கீறல் போட்டேன். இந்தமுறை கீறல் வழியே பசை பிதுங்கி, முளை அடிவரை இறங்கியது.

கிளாம்பை இறுக்கியதும் சட்டம் கோணியது. இருக்கைச் சட்டத்தின் மூலைவிட்டங்களை அளந்தால், ஒன்று 6 மி.மீ. அதிகம். நீளமான மூலைவிட்டத்தின் பக்கம் கிளாம்பைக் கொஞ்சம் சாய்த்து இறுக்கியதும் இரண்டும் சமமாயின. முன்பக்கம் அகலமான இருக்கைக்கும், இடவலம் ஒரே மாதிரி இருந்தால், மூலைவிட்டங்கள் சமமானால் கோணல் இல்லை என்ற இந்தக் கணக்கு சரிதான். 24 மணி நேரம் அப்படியே விட்டேன். இப்போது ஆட்டமில்லை.