இரவு உணவுக்குப் பின் ஒரு சிறு நடை

இரண்டாம் வகை நீரிழிவு உள்ளவர்கள், அன்றாட நடைப்பயிற்சியில் ஒரு பகுதியை, இரவு உணவு முடிந்த அரை மணி நேரத்திற்குள் 10 முதல் 15 நிமிடம் நடப்பதாக அமைத்துக்கொள்ளுங்கள். புளோக்கின் கீழ்த்தளத்தைச் சுற்றி வந்தாலே போதும். சோறோ பரோட்டாவோ செரித்து இரத்தத்தில் சர்க்கரை ஏறும் நேரம் அது. அப்போது இயங்கும் கால் தசைகள், இன்சுலின் சரியாக வேலை செய்யாத உடலிலும், அந்தச் சர்க்கரையை இழுத்துக்கொள்கின்றன. அதற்காகச் சோற்றைக் கூட்டிவிட வேண்டாம். தட்டில் பாதி காய்கறியாகவே இருக்கட்டும்.

பலன் தெரிகிறதா என்பதை வீட்டுச் சோதனைக் கருவியிலேயே பார்க்கலாம். ஒரே அளவு சோறும் மீன் குழம்பும் உண்ட இரு மாலைகளில், ஒரு நாள் உட்கார்ந்திருந்தும் மறுநாள் நடந்தும், சாப்பிடத் தொடங்கி இரண்டு மணி நேரம் கழித்துச் சோதியுங்கள். முதல் நாள் 11.4 mmol/L என்றும் மறுநாள் 9.8 mmol/L என்றும் காட்டினால், பலருக்குச் சொல்லப்படும் 10 என்ற வரம்புக்குள் நடை உங்களைக் கொண்டுவந்திருக்கிறது.

பாதத்தில் புண் உள்ளவர்கள் இதைச் செய்யக் கூடாது. இன்சுலினோ கிளிப்பிசைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர்களுக்குச் சர்க்கரை மிகவும் இறங்கக்கூடும் என்பதால், பலதுறை மருந்தக மருத்துவரிடம் முதலில் கேளுங்கள். நடக்கையில் நடுக்கமும் வியர்வையும் வந்தால் நின்றுவிட்டு, மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடித்து, 15 நிமிடத்தில் மீண்டும் சோதியுங்கள்.