ஒரே மருந்து, இரண்டு பெயர்: கவுன்டரில் ஜெனரிக் கேட்டு வாங்குவது எப்படி

சிங்கப்பூரில், ஈசூனில் இருக்கும் என் சித்தப்பா ஒரு நாள் காலையில் தொலைபேசியில் அழைத்தார். "தம்பி, ரெண்டு காலும் வீங்கியிருக்கு, செருப்பே நுழையல" என்றார். நான் பல வருடம் மருந்துக்கடைக் கவுன்டரில் நின்றவன். அதனால் முதலில் கேட்டது, "என்னென்ன மாத்திரை சாப்பிடுறீங்க? அட்டையைப் பார்த்துப் படிங்க."

படித்தார். ஒன்று நார்வாஸ்க் 5 மில்லிகிராம். முன்பு ஒரு தனியார் மருந்தகத்தில் கொடுத்தது, வீட்டில் மீதி இருந்தது. இன்னொன்று அம்லோடிபின் 5 மில்லிகிராம். செலவு தாங்காமல் பலதுறை மருந்தகத்துக்கு மாறியபோது கிடைத்தது. சித்தப்பாவைப் பொறுத்தவரை அவை இரண்டு மருந்து. ஒன்று பழைய பிரஷர் மாத்திரை, ஒன்று புது பிரஷர் மாத்திரை. காலையில் ஒன்று, இரவில் ஒன்று என்று போட்டுக்கொண்டிருந்தார். உண்மையில் இரண்டும் ஒரே மருந்துதான். ஐந்தும் ஐந்தும் பத்து. அம்லோடிபினுக்கு ஒரு நாளைய உச்ச அளவே பத்துதான். அளவு கூடக் கூடக் கணுக்கால் வீங்குவது இந்த மருந்தின் தெரிந்த பக்கவிளைவு.

அன்றே மருந்தகத்துக்கு அழைத்துப் பேசச் சொன்னேன். மருத்துவர் ஒன்றை மட்டும் தொடரச் சொன்னார். இரண்டு வாரத்தில் வீக்கம் வடிந்தது.

ஜெனரிக் என்றால் என்ன என்று தெரிந்துகொள்வது பணத்தை மிச்சப்படுத்துவதற்கு மட்டுமல்ல என்பதால்தான் இந்தக் கதையோடு தொடங்கினேன். சரி, கவுன்டரில் என்ன செய்ய வேண்டும் என்று வரிசையாகப் பார்ப்போம். சித்தப்பாவின் மாத்திரையையே உதாரணமாக வைத்துக்கொள்கிறேன்.

படி 1: பெட்டியில் சிறிய எழுத்தைப் படியுங்கள்

பெட்டியில் பெரிதாக இருப்பது கம்பெனி வைத்த பெயர், அதாவது பிராண்டு. அதற்குக் கீழே சிறிய எழுத்தில் இருப்பது மருந்தின் சொந்தப் பெயர். நார்வாஸ்க் பெட்டியில் பெரிய எழுத்துக்குக் கீழே அம்லோடிபின் என்று இருக்கும். லிப்பிட்டார் பெட்டியில் அடோர்வாஸ்டாட்டின், குளுக்கோஃபேஜில் மெட்ஃபார்மின், பனடோலில் பாராசிட்டமால். உடலுக்குள் வேலை செய்வது அந்தச் சிறிய எழுத்துதான்.

முதலில் கண்டுபிடித்த கம்பெனிக்குக் காப்புரிமை உண்டு. விண்ணப்பித்த நாளிலிருந்து பொதுவாக 20 வருடம். அது முடிந்தபின் மற்ற கம்பெனிகளும் அதே மருந்தைச் செய்யலாம். அப்படி வருவதுதான் ஜெனரிக். ஆராய்ச்சிச் செலவும் பெயரைப் பரப்பும் செலவும் அவர்களுக்குக் குறைவு, ஒரே மருந்தைப் பல கம்பெனிகள் போட்டி போட்டு விற்கின்றன. விலை இறங்குவது அதனால்தான், தரம் இறங்கியதால் அல்ல.

இங்கே நமக்கென்று ஒரு சிக்கல் உண்டு. சென்னையிலிருந்து வரும் மைத்துனர் ஒரு பை நிறைய மாத்திரை கொண்டுவருவார். அதே அம்லோடிபின் அங்கே அம்லாங், ஸ்டாம்லோ என்று பல பெயரில் விற்கிறது. அவையும் ஜெனரிக்தான், ஆனால் பெயர் சூட்டப்பட்ட ஜெனரிக். இன்னும் கவனிக்க வேண்டியது, அம்லாங் வேறு, 'அம்லாங்-ஏ' வேறு. பின்னதில் அட்டெனோலால் என்ற இரண்டாவது மருந்தும் சேர்ந்திருக்கிறது. அது இதயத் துடிப்பைக் குறைக்கும். பெயரின் கடைசியில் ஒரு எழுத்து ஒட்டியிருந்தால் சிறிய எழுத்தில் ஒரு பெயரா, இரண்டு பெயரா என்று எண்ணிப் பாருங்கள்.

படி 2: நான்கும் பொருந்துகிறதா?

மருந்தின் பெயர் ஒன்றாக இருந்தால் மட்டும் போதாது. அளவு (எத்தனை மில்லிகிராம்), வடிவம் (மாத்திரையா, கேப்சூலா, பஃபா), அது எவ்வளவு வேகத்தில் கரைகிறது என்பதும் பொருந்த வேண்டும்.

கடைசியாகச் சொன்னதில்தான் பலர் தவறுகிறார்கள். எக்ஸ்ஆர், எஸ்ஆர், எல்ஏ என்று பெயருக்குப் பின்னால் இருந்தால் அது மெதுவாக வெளியாகும் மாத்திரை. சாதாரண மெட்ஃபார்மினும் மெட்ஃபார்மின் எக்ஸ்ஆரும் ஒன்றுக்கொன்று மாற்று அல்ல, சாப்பிடும் முறையே வேறு. எக்ஸ்ஆர் மாத்திரையை உடைத்தோ நசுக்கியோ சாப்பிட்டால் மெதுவாக வர வேண்டிய மருந்து மொத்தமாக ஒரே நேரத்தில் வந்துவிடும்.

அளவிலும் ஒரு குழப்பம் வரலாம். அம்லோடிபின் மாத்திரைக்குள் 'பெசிலேட்' என்ற உப்பாக இருக்கிறது. சில அட்டைகளில் "அம்லோடிபின் பெசிலேட் 6.94 மில்லிகிராம்" என்று அச்சாகி, பக்கத்தில் "அம்லோடிபின் 5 மில்லிகிராமுக்குச் சமம்" என்று இருக்கும். ஏழு மில்லிகிராம் கொடுத்துவிட்டார்கள் என்று பயப்பட வேண்டாம். உப்பின் எடையையும் சேர்த்துச் சொல்கிறார்கள், மருந்து ஐந்துதான்.

படி 3: விலையை மாத்திரைக் கணக்கில் கேளுங்கள்

கவுன்டரில் இப்படிக் கேட்டால் போதும்: "இதே மருந்து, இதே அளவு, ஜெனரிக்கில் இருக்கிறதா? ஒரு மாத்திரைக்கு எவ்வளவு?"

பெட்டி விலையைக் கேட்காதீர்கள். சில பெட்டியில் 28 மாத்திரை, சிலவற்றில் 30, சிலவற்றில் 100. கணக்குக்காக நானே சில விலைகளை வைத்துப் போட்டுக்காட்டுகிறேன். 28 மாத்திரை 23 வெள்ளி, 30 மாத்திரை 24 வெள்ளி என்றால் 23 வெள்ளிதான் மலிவு போலத் தெரியும். வகுத்தால் முதலாவது ஏறக்குறைய 82 காசு, இரண்டாவது 80 காசு. ஜெனரிக் 100 மாத்திரை 20 வெள்ளி என்றால் ஒன்று 20 காசு. தினம் ஒன்று சாப்பிடும் ஒருவருக்கு 80 காசு மாத்திரையில் வருடச் செலவு 292 வெள்ளி, 20 காசு மாத்திரையில் 73 வெள்ளி. சொன்ன விலையில் 9 விழுக்காடு ஜிஎஸ்டி சேர்ந்திருக்கிறதா என்பதையும் கேட்டுவிடுங்கள்.

குடும்ப மருத்துவரிடம் போகிறவர்கள் இன்னொன்றும் கேட்கலாம். மருந்தை அங்கேயே வாங்காமல், மருந்துச் சீட்டை மட்டும் எழுதித் தரச் சொல்லலாம். அப்போதே, "மருந்தின் பெயரைப் பொதுப்பெயரில் எழுதுங்க டாக்டர்" என்று சொல்லிவிடுவது நல்லது. சீட்டில் பிராண்டு பெயர் இருந்தால் வெளியே மருந்தாளர் பெரும்பாலும் மருத்துவரிடம் கேட்டுவிட்டுத்தான் மாற்றித் தருவார், உங்களுக்குக் காத்திருப்பு.

பலதுறை மருந்தகத்தில் பொதுவாகக் கொடுப்பது ஜெனரிக்தான், மானியமும் அதற்குத்தான். "எனக்குப் பழைய பிராண்டுதான் வேண்டும்" என்று கேட்டால் மானியமில்லாத விலை கொடுக்க வேண்டியிருக்கலாம். முன்னோடித் தலைமுறை, மெர்டேக்கா தலைமுறை அட்டை இருப்பவர்களுக்கு மானிய மருந்தில் மேலும் கழிவு உண்டு. பிராண்டைப் பிடித்துக்கொண்டால் அதையும் இழப்பீர்கள்.

படி 4: இது சரியான மருந்துதானா?

"இந்தத் தடவை மாத்திரை வேற கலர்ல இருக்கே?" கவுன்டரில் நான் அதிகம் கேட்ட கேள்வி இதுதான். பொது மருத்துவமனைகளும் பலதுறை மருந்தகங்களும் மொத்தமாகக் கொள்முதல் செய்கின்றன. ஒப்பந்தம் வேறு கம்பெனிக்குப் போனால் நிறமும் வடிவமும் மாறும். மருந்து மாறாது. சந்தேகம் வந்தால் பையில் ஒட்டியிருக்கும் லேபிளையும் அட்டையின் சிறிய எழுத்தையும் ஒப்பிடுங்கள். அட்டையை வெட்டிக் கொடுத்ததில் பெயர் அறுந்துபோயிருந்தால், கவுன்டரை விட்டு நகர்வதற்கு முன்பே முழுப் பெயர் தெரிகிற துண்டாகக் கேட்டு வாங்குங்கள்.

சிங்கப்பூரில் விற்கும் ஜெனரிக்கைச் சுகாதார அறிவியல் ஆணையம் பதிவு செய்திருக்க வேண்டும். பெட்டியில் எஸ், ஐ, என் என்ற மூன்று ஆங்கில எழுத்தோடு தொடங்கும் பதிவு எண்ணைத் தேடிப் பாருங்கள். மாத்திரையாக வரும் ஜெனரிக்கைப் பதிவு செய்ய, பொதுவாக ஆரோக்கியமான ஆட்களுக்கு அசலையும் ஜெனரிக்கையும் வெவ்வேறு நாளில் கொடுத்து, இரத்தத்தில் எவ்வளவு மருந்து ஏறுகிறது, எவ்வளவு நேரம் இருக்கிறது என்று அளந்து காட்ட வேண்டும். அசலின் அளவை 100 என்று வைத்தால், ஜெனரிக்குக்கு அனுமதிக்கப்படும் எல்லை 80 முதல் 125 விழுக்காடு. இதை வைத்துத்தான் "ஜெனரிக்கில் 20 விழுக்காடு மருந்து குறைவு" என்ற பேச்சு கிளம்பியது. அது தவறு. சராசரி மட்டுமல்ல, அந்தச் சராசரியைச் சுற்றியுள்ள பிழைக்கான இடைவெளி முழுவதுமே எல்லைக்குள் அடங்க வேண்டும். 80க்குப் பக்கத்தில் சராசரி நிற்கும் மருந்து அந்தச் சோதனையில் தேறாது.

வேறுபடக்கூடியது மருந்தோடு சேர்க்கும் மாவு, சாயம், மேல்பூச்சு. லாக்டோஸ் ஒத்துக்கொள்ளாதவர்கள் இதைக் கேட்க வேண்டும். சைவ உணவுக்காரர்களும் ஹலால் பார்ப்பவர்களும்கூடத்தான். கேப்சூல் உறை பெரும்பாலும் விலங்கிலிருந்து எடுக்கும் ஜெலட்டின். "இதே மருந்து மாத்திரையாக இருக்கிறதா?" என்று கேளுங்கள், பல நேரம் இருக்கும்.

மாற்றக் கூடாத இடம்

சில மருந்துகளில் சிறிய வித்தியாசமும் பெரிதாகத் தெரியும். இரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் வார்ஃபரின், தைராய்டுக்கான லீவோதைராக்சின், வலிப்புக்கான ஃபெனிட்டோயின், கார்பமாசெபின், உறுப்பு மாற்று சிகிச்சைக்குப் பின் சாப்பிடும் டாக்ரோலிமஸ் போன்றவை. இவற்றில் ஜெனரிக் கெட்டது என்று அர்த்தமில்லை. ஒரே தயாரிப்பில் நிலையாக இருப்பதுதான் முக்கியம். மாற்றுவதாக இருந்தால் மருத்துவருக்குத் தெரிந்து, இரத்தப் பரிசோதனையோடு மாற்ற வேண்டும். லீவோதைராக்சினில் மாற்றத்துக்குப் பிறகு ஆறு வாரம் போல விட்டு அளவைப் பார்ப்பார்கள்.

மாறிய பிறகு

இரத்த அழுத்த மாத்திரையை மாற்றினால், மாறுவதற்கு முன் ஒரு வாரமும் மாறிய பின் இரண்டு வாரமும் காலையில் ஒரே நேரத்தில் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். அம்லோடிபின் உடலில் ஒரு நிலைக்கு வர ஏழு, எட்டு நாள் ஆகும். மறுநாளே எண் கூடிவிட்டது என்று முடிவுக்கு வர வேண்டாம். இரண்டாவது வாரமும் தொடர்ந்து கூடுதலாகவே இருந்தால் அந்தக் குறிப்போடு மருத்துவரைப் பாருங்கள்.

அப்புறம் பழைய பெட்டி. புது ஜெனரிக் வீட்டுக்கு வந்த அன்றே பழைய பிராண்டை மேசையிலிருந்து எடுத்துவிட வேண்டும். சித்தப்பா வீட்டில் நான் போய் இருந்த எல்லா மாத்திரையையும் மேசையில் கொட்டி, சிறிய எழுத்துப்படி பிரித்து, ஒவ்வொரு குவியலுக்கும் ஒரு டப்பா வைத்தேன். நார்வாஸ்க்கும் அம்லோடிபினும் மைத்துனர் தந்த அம்லாங்கும் ஒரே டப்பாவுக்குள் விழுந்தன. டப்பா மூடியில் "பிரஷர், அம்லோடிபின் 5, ஒரு நாளைக்கு ஒன்றே ஒன்று" என்று தமிழில் எழுதி ஒட்டினேன்.