நெடுக்குக் கோடு போட்டால் ஒல்லியாகத் தெரிவோமா?

திருநெல்வேலி டவுன் ரதவீதியில் மைனிக்குச் சுடிதார் துணி எடுக்கப் போயிருந்தோம். "நெடுக்குக் கோடு எடுங்கக்கா, ஒல்லியாத் தெரிவீங்க" என்று கடைப்பையன் சொன்னதுதான் தாமதம், பில் போட்டாயிற்று. எல்லோரும் செய்கிற தவறு இது.

உண்மை ஏறக்குறைய நேர்மாறு. கோடு போட்ட நோட்டுத் தாளில் 10 செ.மீ. சதுரங்கள் இரண்டு வெட்டி, கோடுகளின் மேல் கருப்பு ஸ்கெட்ச் பேனாவை ஓட்டுங்கள். ஒன்றைக் கோடு குறுக்காகவும் மற்றதை நெடுக்காகவும் வைத்துப் பாருங்கள். குறுக்குக் கோட்டுச் சதுரம்தான் உயரமாக, ஒடுக்கமாகத் தெரியும். ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்ற ஜெர்மானிய விஞ்ஞானி 19ஆம் நூற்றாண்டிலேயே இதை எழுதிவிட்டார். குறுக்குக் கோட்டுக் கவுன் பெண்களை உயரமாகக் காட்டும் என்றும் சேர்த்துச் சொன்னார். கோடுகள் அடுக்கடுக்காக நிரப்பிய இடம் கண்ணுக்கு நீண்டு தெரிவதுதான் காரணம். 2011இல் பீட்டர் தாம்சன், மிக்கெலிடோ என்ற இரண்டு ஆய்வாளர்கள் அதை அளந்து பார்த்தார்கள். நெடுக்குக் கோட்டுக் கட்டத்தை 7.1 சதவீதம் உயர்த்தினால்தான் அது குறுக்குக் கோட்டுச் சதுரத்தின் உயரத்துக்குச் சமமாகத் தெரிந்தது. அகலத்தில் வித்தியாசம் 4.5 சதவீதம்தான். பொம்மை உடம்பின் மேல் கோடு போட்டுப் பார்த்தபோதும் அதே கதைதான். அதற்காகக் குறுக்குக் கோடு வாங்கி அடுக்க வேண்டாம். இது சின்ன மாயை, உடம்பை மாற்றிவிடாது.

சேலையில் வேறொரு குழப்பம். கடையில் விரித்துக் காட்டும்போது சேலையின் நீளவாட்டில் ஓடும் கோடு, உடுத்தியதும் இடுப்பைச் சுற்றிக் குறுக்காகிவிடும். தோளிலிருந்து முதுகில் தொங்கும் முந்தானையில் அதே கோடு நெடுக்காக இறங்கும். ஆக, மேசையில் பார்த்து முடிவு செய்யாதீர்கள், தோளில் போட்டுப் பாருங்கள்.

அடர்நிறம்? அதில் கொஞ்சம் உண்மை உண்டு. வெள்ளைப் பின்னணியில் உள்ள கருப்புக் கட்டம், கருப்புப் பின்னணியில் உள்ள அதே அளவு வெள்ளைக் கட்டத்தை விடச் சற்றுச் சிறிதாகத் தெரியும். மடிப்பின் நிழலும் கருப்பில் மறைந்துவிடும். ஆனால் பளபளக்கும் சாட்டின், பட்டில் இது பலிக்காது. எங்கே உடம்பு புடைக்கிறதோ அங்கேதான் வெளிச்சம் பட்டு மின்னும். மினுக்கமில்லாத பருத்தி தேவலை. அதிலும் நம்மூர் உச்சி வெயிலில் சுண்ணாம்புச் சுவர் முன்னால் நின்றால் உடம்பின் விளிம்பு கத்தரித்த மாதிரித் தெரியும், கருப்பு எதையும் ஒளிக்காது. அப்புறம், உயரம் கூடும் என்று நினைத்துக் கருப்பு எடுக்காதீர்கள்.

கோட்டை விடப் பெரிய தவறு இறுக்கமாகத் தைப்பது. மைனியின் டாப்ஸில் வயிற்றுப் பக்கம் நெடுக்குக் கோடுகள் அடைப்புக்குறி போல வெளியே வளைந்து நின்றன. பார்ப்பவர் கண் அந்த வளைவுக்குத்தான் போகும். பாளையங்கோட்டை டெய்லரிடம் கொடுத்தோம். உள்ளே விட்டிருந்த துணியைப் பிரித்துப் பக்கத்துக்கு அரை இஞ்ச் தளர்த்தினார். கோடு நேராக விழுந்தது. "இப்பத்தான் மூச்சு விட முடியுது" என்றாள் மைனி. ஒல்லியாகத் தெரிகிறேனா என்று அன்று கேட்கவேயில்லை.